ஜாலி டிசைன் ஃபைலை ரூட்டருக்குச் சுத்தம் செய்வது: ஆட்டோகேடா, வீகார்வா, இங்க்ஸ்கேப்பா?

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு ரூட்டர் பட்டறைக்கு, அதாவது கணினி ஓட்டும் பிட்டால் மரத்தை வெட்டும் பட்டறைக்கு, கடலூரிலிருந்து பூஜையறைக் கதவுக்கான ஜாலி வரைபடம் ஒன்று டிஎக்ஸ்எஃப் ஃபைலாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. 8 வரிசை, வரிசைக்கு 6 என்று 48 பூ வடிவங்கள், சுற்றிலும் ஒரு சட்டம். ஒவ்வொரு பூவிலும் 4 வளைவுகளும், அவற்றை இணைக்கும் 2 மி.மீ. நீளமுள்ள 4 சிறு கோடுகளும் இருக்கின்றன. சட்டத்துக்கு 4 கோடு. ஆக 48 × 8 + 4, மொத்தம் 388 துண்டுகள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் தேர்வு செய்தால் ஆட்டோகேட் 579 என்று காட்டுகிறது.

கூடுதலாக இருக்கும் 191 என்பது 24 பூக்களுக்கான 192-க்கு ஒன்று குறைவு, எங்கோ ஒரு கோடு விடுபட்டிருக்கிறது. வரைந்தவர் பாதிப் பேனலை மிரர் செய்தபோது, ஏற்கெனவே இருந்த பூக்களின் மேலேயே இன்னொரு பிரதி விழுந்திருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். கடைசியில் 49 மூடிய கான்டூர், அதாவது முனை விடாமல் சுற்றி வரும் கோட்டு வளையம், வர வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான், சுத்தம் செய்தது சரியா என்று சொல்ல முடியும்.

இரட்டைக் கோட்டை அப்படியே விட்டால் பிட் ஒரே பாதையில் இரண்டு முறை ஓடும். நேரம் வீணாவதும் மரம் கருகுவதும் சிறிய நஷ்டம். பெரிய நஷ்டம், துண்டு கழன்றுவிடாமல் பிடிக்க வெட்டாமல் விடும் சிறு பாலமான டேப்பில் வருகிறது. இரண்டு கான்டூருக்கும் டேப் வெவ்வேறு இடத்தில் விழுந்தால், முதல் ஓட்டம் விட்டுவைத்த டேப்பை இரண்டாவது ஓட்டம் அறுத்துவிடும். துண்டு பிடியில்லாமல் பிட்டோடு சுழன்று எகிறும். கான்டூருக்கு உள்ளே குடைந்தெடுக்கும் பாக்கெட் வேலையில் நேர் எதிராக நடக்கும்: ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரு கான்டூர்களில் ஒன்றைக் குடையாமல் விட வேண்டிய உள்தீவாக எடுத்துக்கொண்டு, குடைய இடமே இல்லை என்று மென்பொருள் விட்டுவிடும். திறந்த கான்டூருக்கோ உள்பக்கம், வெளிப்பக்கம் என்பதே கிடையாது. அதனால் பிட்டின் பாதி அகலத்தை எந்தப் பக்கம் தள்ளுவது என்று கணக்கிட வழியில்லை.

இந்த ஃபைலுக்கு ஆட்டோகேட்தான் சரியான இடம். காரணம், ஒன்றின்மேல் ஒன்று படிந்த கோடுகளை நீக்கும் `OVERKILL` கட்டளை. ஆனால் அதை அப்படியே ஓட்டினால் இங்கே ஒன்றுமே நீங்காது. மிரர் பிரதி வேறு லேயரில் இருக்கிறது. லேயர் மாறினால் அது வேறு பொருள் என்றுதான் கட்டளை நினைக்கும். உரையாடல் பெட்டியில் Layer, Color இரண்டையும் புறக்கணிக்கும்படி டிக் செய்ய வேண்டும். கூடவே, எவ்வளவு விலகல்வரை ஒன்றாகக் கருதலாம் என்ற டாலரன்ஸை, வழக்கமான 0.000001-இலிருந்து 0.01 ஆக்க வேண்டும். அங்குலத்தில் வரைந்து, மி.மீ.க்கு மாற்றி, இரண்டு மூன்று மென்பொருள் தாண்டி வந்த ஃபைலில் பிரதிகள் மயிரிழை விலகித்தான் இருக்கும். இரண்டையும் சரிசெய்து ஓட்டினால் கட்டளை வரியில் 192 நீக்கப்பட்டதாக வரும். மீதி 387, விடுபட்ட ஒரு கோடு குறைவு.

ஒரு எச்சரிக்கை. அலமாரிப் பலகைகளை ஒட்டி ஒட்டி அடுக்கிய ஃபைலில் `OVERKILL` ஓட்டாதீர்கள். பக்கத்துப் பக்கத்துப் பலகைகளுக்குப் பொதுவான விளிம்பில் இரண்டு கோடு இருப்பது அங்கே தவறே அல்ல. ஒன்றை நீக்கினால் ஒரு பலகை திறந்துபோகும். முதலில் பலகைகளை விலக்கி வையுங்கள், 6 மி.மீ. பிட் என்றால் எப்படியும் 6 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி தேவைதானே.

அடுத்து இணைப்பு. சாதாரண `JOIN` வளைவையும் கோட்டையும் அவற்றின் முனைகள் தொட்டுக்கொண்டால்தான் சேர்க்கும். இந்த ஃபைலில் வளைவுக்கும் கோட்டுக்கும் நடுவே சுமார் 0.03 மி.மீ. இடைவெளி. அதற்கு `PEDIT`:

```
PEDIT
M
ALL
(Enter)
Y
J
J
E
0.05
(Enter)
```

இரண்டாவது `J` இணைக்கும் முறையைக் கேட்கும். `E` முனைகளை நீட்டி அல்லது வெட்டிச் சந்திக்க வைக்கிறது. `A` கொடுத்தால் இடைவெளியில் 0.03 மி.மீ. நேர்கோட்டை ஒட்டுப்போடும். அந்தப் பொடிக் கோடு ஒவ்வொன்றிலும் ரூட்டர் ஒரு கணம் தயங்கும், விளிம்பில் தழும்பு தெரியும்.

இப்போது `QSELECT`டில் Polyline, Closed, No என்று தேடினால் இரண்டு அகப்படுகின்றன. ஒன்றில் வளைவின் ஒரு முனை 0.4 மி.மீ. நகர்ந்திருக்கிறது. இன்னொன்றில் 2 மி.மீ. கோடு ஒன்றைக் காணவே இல்லை. பலர் இந்த இடத்தில்தான் டாலரன்ஸை 2 ஆக ஏற்றுகிறார்கள். அதைச் செய்யக் கூடாது. 2 மி.மீ. என்பது இந்தப் பூவின் உண்மையான கோட்டு நீளம். அவ்வளவு டாலரன்ஸ் கொடுத்தால், கோடு காணாமல்போன இடத்தில் இரு வளைவுகளும் நீண்டு கூர்முனையாகச் சந்திக்கும், ஒரு பூ மட்டும் மற்ற 47-இலிருந்து வேறுபட்டு நிற்கும். வரைபடத்தின் மிகச் சிறிய கோட்டில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் டாலரன்ஸ் வைப்பது பாதுகாப்பு. மீதி இரண்டையும் கையால் சரிசெய்யுங்கள், இரண்டு நிமிட வேலை.

முனைகள் தொட்டுக்கொண்டும் சேரவில்லை என்றால் Z மதிப்பைப் பாருங்கள். மேலிருந்து பார்க்கையில் ஒன்றாகத் தெரியும் இரு முனைகள் உயரத்தில் வேறாக இருக்கலாம். Properties பலகையில் கோடு என்றால் Start Z, End Z, வளைவு என்றால் Center Z, பாலிலைன் என்றால் Elevation, இவற்றை 0 ஆக்கிவிட்டு மறுபடி இணைத்தால் சேர்ந்துவிடும்.

ரூட்டருக்குப் பாதை போட்டுத் தரும் மென்பொருளான வீகார்வ் ப்ரோவில் இதே ஃபைலைத் திறந்தால் வேலை சுலபமாகத் தெரியும். Join Open Vectors-இல் டாலரன்ஸை மாற்ற மாற்ற, எத்தனை மூடும், எத்தனை திறந்தே இருக்கும் என்று எண்ணிக்கை உடனே காட்டுகிறது. ஆட்டோகேடில் இந்த வசதி இல்லை. இடைவெளி மட்டுமே பிரச்சினை என்றால் வீகார்விலேயே முடித்துவிடலாம், இன்னொரு மென்பொருளுக்குப் போகத் தேவையில்லை. டூப்ளிகேட் கோடுகளைத் தேர்ந்தெடுத்து அழிக்கவும் வழி இருக்கிறது. ஆனால் பாதி மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை அது வெட்டிச் சீராக்காது. Vector Validator அவற்றைச் சுட்டிக்காட்டும், திருத்துவது நம் கையில். இன்னொன்று: டூப்ளிகேட்டை அழிக்கும் முன் இணைப்பை அழுத்திவிட்டால், ஒரு புள்ளியில் நான்கு முனைகள் இருப்பதால் கான்டூர் போன வழியே திரும்பி வந்து மூடிக்கொள்ளும். எண்ணிக்கையில் மூடியதாகத் தெரியும், வெட்டும்போதுதான் குட்டு வெளிப்படும். எந்த மென்பொருளானாலும் இரட்டையை நீக்கிய பிறகே இணைப்பு.

இங்க்ஸ்கேப் இலவசம் என்பதால் பலர் அங்கே தொடங்குகிறார்கள். ஜாலிக்கு அது வேண்டாம். முனைகளைத் தேர்ந்து Shift+J அழுத்தினால் இணைகிறது என்றாலும், இரண்டு முனையும் நகர்ந்து நடுவில் சந்திக்கின்றன. 48 பூவுக்கு 8 இணைப்பு வீதம் 384 இடம். அதைவிட முக்கியம், வட்ட வளைவுகள் பெசியர் வளைவாக மாறிவிடும்; டிஎக்ஸ்எஃப்பாக ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு வளைவும் தனி ஸ்பிளைனாகப் பிரிந்து, இணைத்த கான்டூர் மறுபடி உடைகிறது. போட்டோவிலிருந்து டிரேஸ் செய்த விநாயகர் உருவம், கடைப் பெயர்ப் பலகை மாதிரி வேலைகளுக்கு அது நன்றாக உதவும். அப்போதும் எஸ்விஜி ஃபைலாகச் சேமித்து நேரே வீகார்வுக்குக் கொண்டுபோங்கள். உள்ளே வந்ததும் அளவு தெரிந்த ஒரு விளிம்பை அளந்து பாருங்கள். டிஎக்ஸ்எஃப்பை இங்க்ஸ்கேப்பில் திறக்கும்போது A4 தாளுக்குள் அடக்கும் தேர்வு இருந்திருந்தால், 5 அடிக் கதவு தாளளவுக்குச் சுருங்கிவிட்டிருக்கும்.