கண்ணாடியா, செல்போன் திரையா, நாலு சொல் சீட்டா? வாசிப்பது தெரியாமல் ஒரு நிமிட அறிமுகம்

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் வந்து பேசுவார். அந்தப் பேச்சின் வீடியோவுக்கு முன்னால் ஒட்டுவதற்குப் பேச்சாளரைப் பற்றி ஒரு நிமிட அறிமுகம் வேண்டும். அதை வீட்டில் நான்தான் பதிவு செய்கிறேன். டெலிபிராம்ப்டர் கண்ணாடி, செல்போன் திரை, கையால் எழுதிய சீட்டு என்று மூன்றிலும் செய்து பார்த்தாயிற்று. மூன்றும் வேறு வேறு இடத்தில் காலை வாருகின்றன.

முதலில் கண்ணாடி. கேமராவுக்கு முன்னால் 45 டிகிரி சாய்ந்து, மறுபக்கம் தெரியும் ஒரு கண்ணாடி நிற்கும். அதன் கீழே படுத்திருக்கும் டேப்லெட்டின் எழுத்து அதில் பிரதிபலித்து நமக்குத் தெரியும். பின்னால் இருக்கும் லென்ஸுக்கு அந்த எழுத்து தெரியாது, நாம் மட்டும் தெரிவோம். பிரதிபலிப்பில் எழுத்து இடவலமாகத் திரும்பிவிடும் என்பதால், செயலியில் அதைத் திருப்பிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ள வேண்டும். படிக்கும் இடமும் பார்க்கும் இடமும் ஒன்றே என்பதுதான் இதன் பெரிய லாபம்.

ஆனால் கண்ணாடி வாங்கிவிட்டால் போதும் என்பதில்லை, தூரம் வேண்டும். எழுத்து வரி 12 செ.மீ. அகலம் என்று வையுங்கள். அரை மீட்டரில் உட்கார்ந்து படித்தால் வரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கண் சுமார் 14 டிகிரி நகர வேண்டும். பார்ப்பவருக்குக் கருவிழி இடமும் வலமுமாக ஓடுவது அப்பட்டமாகத் தெரியும். அதே வரியை ஒன்றரை மீட்டரிலிருந்து படித்தால் நகர்வு 5 டிகிரிக்கும் குறைவு. நான் முதல் இரண்டு மாதம் மேஜை விளிம்பிலேயே கேமராவை வைத்துக்கொண்டு, “கண்ணாடி இருந்தும் ஏன் வாசிக்கிற மாதிரியே இருக்கிறது?” என்று குழம்பினேன். கேமராவைப் பின்னால் தள்ளி, கொஞ்சம் ஜூம் செய்ததும் பாதிக் கோளாறு போய்விட்டது. தள்ளினால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும். அப்போது செல்போன் திரையில் வரிக்கு இரண்டு சொல்தான் கொள்ளும், அதனால் கண்ணாடிக்குக் கீழே டேப்லெட் வைப்பதே நல்லது.

இன்னொன்று, கண்ணாடி வெளிச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால் படம் சற்று இருண்டு வரும், விளக்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி மூடாவிட்டால் பின்பக்க வெளிச்சம் கண்ணாடியில் ஏறி, படம் வெளிறிப்போகும்.

அப்புறம் செல்போன். செல்ஃபி கேமராவில் பதிவாகும்போதே திரையில் எழுத்து ஓடும் செயலிகள் நிறைய இருக்கின்றன. செலவில்லை, ஆனால் கை நீட்டும் தூரம்தான், அதாவது 45 செ.மீ. அந்தத் தூரத்தில் லென்ஸிலிருந்து 3 செ.மீ. விலகினாலே பார்வை ஏறக்குறைய 4 டிகிரி விலகும்.

எந்தப் பக்கம் விலகுகிறது என்பதுதான் இங்கே முக்கியம். வீடியோ அழைப்பில் கண்ணோடு கண் பார்ப்பது குறித்து மில்டன் சென் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், பார்வை சற்றுக் கீழே சரிந்தால் எதிரில் இருப்பவர் அதைப் பெரிதாக உணர்வதில்லை, பக்கவாட்டிலோ மேலேயோ போனால் உடனே கண்டுகொள்கிறார் என்று காட்டினார். அதனால் போனை நெட்டாக நிறுத்தி, லென்ஸுக்கு நேர் கீழே, திரையின் மேல் பகுதியில் மட்டும் இரண்டு மூன்று வரி ஓடவிட்டால் தப்பிக்கலாம். இரண்டு ஓரத்திலும் இடம் விட்டு, வரியை 4 செ.மீ. அகலத்துக்குள் அடக்க வேண்டும். போனைப் படுக்கவைத்தால் லென்ஸ் ஓர் ஓரத்துக்குப் போய்விடும், எழுத்தோ நடுவில் இருக்கும். பக்கத்தில் யாரோ நிற்பது போல அங்கேயே பார்த்துப் பேசுவீர்கள். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் திரை வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியில் வெள்ளைக் கட்டமாகத் திரை மின்னும்.

கண்ணை இப்படிச் சரிசெய்துவிடலாம். குரலை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. அதிலும் தமிழில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எழுதும் மொழி ஒன்று, பேசும் மொழி ஒன்று. பேச்சாளர் அனுப்பும் தன்விவரத்தை அப்படியே திரையில் போட்டால் எவ்வளவு விலை உயர்ந்த கண்ணாடியும் உதவாது. ஒரு பறவை ஆர்வலருக்காக நான் முதலில் எழுதியது இது:

“முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஏரிகளில் வலசைப் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணியில் தன்னை அர்ப்பணித்துக்கொண்டவரும், பள்ளி மாணவர்களிடையே விழிப்புணர்வை ஏற்படுத்தி வருபவருமான…”

பெயர் வருவதற்குள் மூச்சு முடிந்துவிடுகிறது. திரையில் வரி எங்கே மடங்குகிறதோ அங்கேயெல்லாம் குரலும் நின்று நின்று போகிறது. “பணியில் தன்னை” என்று ஒரு நிறுத்தம், “அர்ப்பணித்துக்கொண்டவரும்” என்று ஒரு நிறுத்தம். கேட்பவருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். பிறகு இப்படி மாற்றினேன்:

முப்பது வருஷமா
விடியறதுக்கு முன்னாடியே
ஏரிக்கரையில நிக்கறவர் இவர்.

கையில ஒரு பைனாகுலர்,
ஒரு நோட்டு.

எந்தப் பறவை எப்ப வந்தது,
எத்தனை வந்ததுன்னு
எல்லாம் அதுல இருக்கும்.

வாயில் வருகிறபடியே எழுதி, மூச்சு விடும் இடத்தில் வரியை மடித்திருக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே ஒரு வெற்று வரி. எழுத்துத் தமிழ் பழகிய கைக்கு “நிக்கறவர்” என்று எழுதக் கூச்சமாக இருக்கும். ஆனால் “நிற்பவர்” என்று எழுதினால் வாய் “நிற்பவர்” என்றுதான் சொல்லும். தானாக ஓடும் வேகத்தையும் நம்ப முடியாது, அது ஒரே சீராக ஓடும், மனிதர் அப்படிப் பேசுவதில்லை. பக்கத்தில் ஒருவர் விரலால் தள்ளிக்கொடுத்தால் நல்லது. ஆள் இல்லையென்றால் புளூடூத் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சீட்டு. லென்ஸுக்குக் கீழே ஒட்டிய சின்னத் தாளில் நாலு சொல்: ஏரிக்கரை, நோட்டு, பள்ளிக்கூடம், பெயர். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வேன். மற்றதை அந்தந்தச் சொல்லைப் பார்த்ததும் சொந்த வாயால் சொல்வேன். மூன்றிலும் குரல் உயிரோடு இருப்பது இதில்தான். ஒரு நிமிடத்துக்கு உட்பட்ட அறிமுகம் என்றால் என் வாக்கு சீட்டுக்கே. இதன் பலவீனம் விவரம். ஆண்டு, பதவி, நிறுவனத்தின் முழுப் பெயர் ஆகியவை தவறாக வந்துவிடும். ஒருமுறை பேச்சாளர் வேலை பார்த்த துறையையே மாற்றிச் சொல்லிவிட்டு, பதிவு வெளியான பிறகுதான் கவனித்தேன். அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார், எனக்குத்தான் மனசு ஆறவில்லை. விருது, பதவி என்று விவரம் நான்கைந்துக்கு மேல் போனால் கண்ணாடிக்குப் போய்விடுகிறேன். செல்போன் திரை, வெளியூரில் வேறு வழியில்லாதபோது மட்டும்.

எதில் எடுத்தாலும் அனுப்புவதற்கு முன் இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பேன். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டு. கண் ஓடுகிறதா, இமைக்காமல் வெறிக்கிறதா என்பது அப்போது தெரியும். அடுத்து திரையைக் கவிழ்த்துவைத்துவிட்டு, ஒலியை மட்டும். வாக்கியத்தின் நடுவில் குரல் விழுந்தால் அந்த வரியைத் தவறான இடத்தில் மடித்திருக்கிறேன் என்று பொருள். மடிப்பை மாற்றி மறுபடி எடுப்பேன்.

திரையில் எழுத்து ஓடினாலும் பேச்சாளர் பெயரை மட்டும் அதில் போடுவதில்லை. கடைசி வரிக்குப் பிறகு மூன்று வெற்று வரிதான் இருக்கும். அங்கே படிக்க ஒன்றும் இல்லாததால், பெயரைச் சொல்லும்போது கண் லென்ஸில் அப்படியே நிற்கும்.