‘இங்கே கிளிக் செய்யவும்’ போன பிறகு: ஓர் உதவித்தொகை இணையதளத்தின் அனுபவம்

மாணவர்களுக்கு உதவித்தொகை தரும் சிறிய அறக்கட்டளை ஒன்றின் இணையதளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் இருந்த ‘இங்கே கிளிக் செய்யவும்’ அத்தனையையும் எடுத்துவிட்டு, தொட்டால் என்ன திறக்கும், என்ன நடக்கும் என்பதையே வாசகமாக வைத்தோம். அதன்பிறகு சில விண்ணப்பப் பருவங்கள் ஓடிவிட்டன. பலன் என்ன, தொல்லை என்ன என்று இப்போது சொல்ல முடிகிறது.

பழைய அறிவிப்புப் பக்கத்தில் விண்ணப்பத்திற்கு ஓர் ‘இங்கே’, வருமானச் சான்று மாதிரிக்கு ஓர் ‘இங்கே’, விதிமுறைக்கு இன்னொன்று. பருவம் தொடங்கினால் தொலைபேசியில் இதே கேள்விதான்: “சார், மேலேயிருந்து ரெண்டாவது ‘இங்கே’வா, மூணாவதா?” இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது:

```html
<a href="varumanam.pdf">வருமானச் சான்று மாதிரி, பிடிஎஃப்</a>
```

பார்வையற்ற மாணவர்களுக்குத்தான் வித்தியாசம் அதிகம். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் `Insert + F7` அழுத்தினால் பக்கத்தில் உள்ள இணைப்புகள் மட்டும் தனிப் பட்டியலாக வரும். சுற்றியிருக்கும் வாக்கியம் அதில் வராது. பழைய பக்கத்தில் அப்படிச் செய்தால் ‘இங்கே கிளிக் செய்யவும்’ என்பதே வரிசையாகக் காதில் விழும். மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி நெறிமுறையின் 2.4.4 விதி இதில் கொஞ்சம் தாராளம். இணைப்பு எதற்கென்று அதே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் போதும் என்கிறது. அதாவது, பழைய பக்கம்கூட அதில் தேறியிருக்கும். இணைப்பின் வாசகம் தனியாக நின்றே புரிய வேண்டும் என்று கேட்பது 2.4.9, மிக உயர்ந்த நிலைக்கான விதி. அந்தப் பட்டியலை ஒருமுறை காதால் கேட்டவர்கள் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

பட்டியலைக் கேட்பவருக்கு முதல் சொல்லே முக்கியம். தமிழில் பொருள் முன்னால், வினை பின்னால் வருவதால் அது தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் இதே வரிசை பொத்தானில் காலை வாரியது. நாங்கள் வாங்கிய வார்ப்புரு, நீளமான வாசகத்தை ஒரே வரியில் நிறுத்தி மீதியை வெட்டிவிடும். ‘வங்கிக் கணக்கு விவரங்களைச் சேமி’, ‘வங்கிக் கணக்கு விவரங்களை நீக்கு’ இரண்டும் சின்னத் திரையில் ‘வங்கிக் கணக்கு விவ…’ என்று ஒரே மாதிரி நின்றன. சேமிப்பதும் நீக்குவதும் வெட்டுப்பட்ட பகுதியில் போய்விட்டன! வாசகத்தை ‘வங்கி விவரத்தைச் சேமி’ என்று சுருக்கினோம். அப்புறம் பொத்தான் இரண்டு வரிக்கு மடங்கட்டும் என்று விட்டோம்:

```css
.btn { white-space: normal; height: auto; min-height: 44px; }
```

‘சேமிக்கவும்’, ‘சேமிக்க’, ‘சேமி’ என்பதில் குழுவுக்குள் சண்டையே நடந்தது. ‘சேமி’ மரியாதைக் குறைவு என்றார் ஒரு மூத்தவர். கட்டளை இடுவது பயனர், கேட்பது இயந்திரம். எனக்கு ‘சேமி’யில் குறை தெரியவில்லை.

நான் அதிகம் திருப்திப்படுவது ஓர் உரையாடல் பெட்டியைப் பற்றித்தான். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுபவரிடம் பழைய பெட்டி ‘விண்ணப்பத்தை ரத்து செய்யவா?’ என்று கேட்கும். கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பொத்தான்கள். ‘ரத்து’ என்பது விண்ணப்பத்தையா, இந்தக் கேள்வியையா? இப்போது ‘விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு’, ‘விண்ணப்பம் இருக்கட்டும்’ என்று இருக்கிறது. கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் பார்ப்பவரும் தடுமாறுவதில்லை.

எல்லா இடத்திலும் நீட்டி எழுதவும் முடியாது. சான்றுகள் அட்டவணையில் ஒவ்வொரு வரிசையிலும் ‘திருத்து’ என்றே விட்டிருக்கிறோம். கண்ணால் பார்ப்பவருக்கு அது போதும். திரைவாசிப்பானுக்காக மட்டும் ‘சாதிச் சான்றைத் திருத்து’ என்று `aria-label` கொடுத்தோம். கண்ணுக்குத் தெரியும் சொல் அதற்குள் அப்படியே இருக்க வேண்டும். ‘சாதிச் சான்றை மாற்று’ என்று எழுதிவிட்டால், குரலால் கைபேசியை இயக்குபவர் திரையில் பார்த்து ‘திருத்து’ என்று சொல்லும்போது பொத்தான் அசையாமல் போகலாம்.

தொல்லை என்று சொன்னேன் அல்லவா, அது வாசகம் பழசாவது. ‘இங்கே’ என்பதற்கு வயதே ஆகாது. ‘2023 விதிமுறைகளைப் படி’ என்ற இணைப்புக்குப் பின்னால் யாராவது புதிய கோப்பை ஏற்றிவிட்டால், பக்கம் பொய் சொல்லத் தொடங்கிவிடும். கடைசித் தேதியைப் பொத்தானிலேயே எழுதினாலும் இதே கதிதான். அதனால் மாறக்கூடிய ஆண்டு, தேதி, தொகை எல்லாவற்றையும் பக்கத்து வாக்கியத்துக்கு நகர்த்திவிட்டோம். இணைப்பில் ‘உதவித்தொகை விதிமுறைகள்’ என்பது மட்டும் நிற்கிறது. கட்டணம் செலுத்தும் பொத்தான் ஒன்றுதான் விதிவிலக்கு. ‘ரூ.200 செலுத்து’ என்பதில் தொகை கண்ணில் பட்டே ஆக வேண்டும் என்பதால், அதைக் கையால் எழுதாமல், கட்டணம் பதிவாகியிருக்கும் இடத்திலிருந்தே எடுத்துக் காட்டுகிறோம்.