கன்னி மூலை பெட்ரூம்: வாஸ்து சொல்றதும் வெயில் சொல்றதும்

மாஸ்டர் பெட்ரூம் தென்மேற்கு கன்னி மூலையிலதான் வரணும், அந்த மூலைய ரொம்ப திறந்து விடக்கூடாதுன்னு வாஸ்து சொல்லும். வெயில் கணக்கு இதுக்கு நேர் எதிர், சாயங்கால வெயில் மேற்கு சுவர்ல நேரா அடிக்கும், ஒன்பது இன்ச் செங்கல் சுவர் அந்த சூட்ட உள்ள விட பல மணி நேரம் எடுத்துக்கும், அதனால மூணு மணி வெயில் நாம படுக்குற பத்து மணிக்குதான் ரூமுக்குள்ள வருது. ராத்திரி சுவர தொட்டுப் பாருங்க, தெரியும். ஜூன்ல வர்ற தென்மேற்கு காத்தையும் ஜன்னல் இல்லாம அடைச்சிடுறோம். தென்கிழக்கு அக்னி மூலை கிச்சன் மட்டும் ரெண்டுக்கும் ஒத்துப்போகுது, காலை வெளிச்சம் கிடைக்கும், தென்மேற்கு காத்து புகைய வெளிய தள்ளிடும். கன்னி மூலைதான் வேணும்னா மேற்குல பால்கனியோ வார்ட்ரோபோ வச்சு, தெற்குல சன்ஷேடோட ஜன்னல் போடுங்க.