மொட்டைமாடி மழைநீர்க் குழாய் அடைப்பு: மேலிருந்து குத்துவதா, கீழே திறப்பதா?

மொட்டைமாடியில் மழைநீர் தேங்கிவிட்டால், நீர் இறங்கும் வாயில் நீளக் கம்பியை விட்டுக் குத்துவதுதான் பலரது வழக்கம். சிலர் குழாயின் அடியில் இருக்கும், திறக்கக்கூடிய வளைவான டோர் பெண்டின் மூடியைக் கழற்றி வண்டலை வெளியே எடுக்கிறார்கள். இவற்றில் எது ஏற்றது என்பது அடைப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

அதைக் கண்டுபிடிப்பது எளிது. மழை இல்லாத நாளில், வாயைச் சுற்றியுள்ள சருகுகளை அள்ளிவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீரை வேகமாக ஊற்ற வேண்டும். நான்கு அங்குலக் குழாய் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ எட்டரை லிட்டர் கொள்ளும். ஆகவே, ஆறு மீட்டர் உயரமுள்ள மாடி வீட்டில், 15 லிட்டர் வாளியில் முதல் வாளியே நிரம்பி வழிந்தால் அடைப்பு மேல் வளைவுக்கு அருகில் இருக்கிறது. மூன்று வாளி இறங்கிய பிறகு நீர் வாய்வரை ஏறி நின்றால் அது அடிப்பெண்டில் இருக்கிறது. மழை பெய்துகொண்டிருக்கும்போது என்றால் குழாயைத் தட்டிப் பார்க்கலாம்: நீர் நிரம்பிய பகுதி மந்தமாகவும், காலியான பகுதி கணீரென்றும் ஒலிக்கும்.

மேல் வளைவில் சிக்குவது பெரும்பாலும் வேப்பிலைக் காம்புகளும் சருகுகளும்தான் என்பதால், முனையில் கொக்கியாக வளைத்த கம்பியால் அவற்றை மேலே இழுத்துவிடலாம். கீழே தள்ளக் கூடாது. ஹோஸால் அழுத்தித் தள்ளினால் நீர் உடனே இறங்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சருகு, பூந்தொட்டி மண்ணோடும் தள ஓட்டு இடுக்கிலிருந்து உதிரும் சிமென்ட் தூளோடும் சேர்ந்து அடிப்பெண்டில் படிந்து, அடுத்த மழையில் கெட்டியான அடைப்பாகிவிடும். குழாய் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது என்றால், அங்குள்ள மணலும் ஜல்லியும் வண்டலால் மூடிக்கொள்ளும்.

அடிப்பெண்டு அடைப்புக்குக் கீழிருந்து திறப்பதே முறை. குழாய் முழுவதும் நீர் நின்றால் மூடிக்குப் பின்னால் ஏறத்தாழ 50 லிட்டர் நீர் அழுத்தத்தோடு இருக்கும். எனவே பக்கவாட்டில் நின்று, மூடியைச் சிறிது மட்டும் தளர்த்தி, நீர் வடிந்த பின்னரே முழுவதும் கழற்ற வேண்டும். வண்டலைக் கரண்டியால் வழித்தெடுத்த பிறகு மேலிருந்து நீர் ஊற்றிக் கழுவலாம். திறக்கும் மூடியே இல்லாமல் குழாயைச் சுவருக்குள் பதித்திருந்தால், இரும்புக் கம்பியால் ஓங்கிக் குத்துவது இணைப்பைப் பிளந்து சுவருக்குள் நீரை இறக்கிவிடும். அங்கே பிளம்பர் பயன்படுத்தும் வளையும் ஸ்பிரிங்கே தக்கது.

வாய்க்கு இடும் ஜாலியிலும் வகைக்கு வகை வேறுபாடு உண்டு. தட்டை ஜாலியை ஒரே ஒரு பாதாம் இலை மூடிவிடும். குவிந்த ஜாலியில் அடிப்பகுதி சருகால் மறைந்தாலும் மேல் துளைகள் வழியே நீர் இறங்கும். நடப்பவர் கால் இடறும் என்பதே அதன் குறை. மழையில் நீர் தேங்குகிறதே என்று ஜாலியையே கழற்றி வைப்பது, மேலே கையால் அள்ளக்கூடிய சருகைப் பெண்டுக்குள் அனுப்பும் வேலை.