திருடன் சேர்த்த ஆத்தென்டிகேட்டர்: மீட்ட கூகுள் கணக்கிலிருந்து அதை அகற்ற எந்த வழி நல்லது?

கூகுள் கணக்கைக் கைப்பற்றுகிறவர் பெரும்பாலும் இரண்டு வேலைகளைச் செய்கிறார். கடவுச்சொல்லை மாற்றுகிறார், பிறகு தன் கைப்பேசியில் உள்ள ஆத்தென்டிகேட்டரை, அதாவது உள்நுழையும்போது கடவுச்சொல்லுக்குப் பிறகு கேட்கப்படும் எண்ணைத் தரும் செயலியை, அந்தக் கணக்கோடு இணைத்துக்கொள்கிறார். கணக்கை மீட்டவர்கள் முதலாவதைச் சரிசெய்துவிட்டு அமைதியாகிவிடுகிறார்கள். இரண்டாவதை அகற்ற மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன: கடவுச்சொல்லை மட்டும் மாற்றுவது, கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை முழுதாக நிறுத்தி மறுபடி தொடங்குவது, கணக்கில் சேர்த்துள்ள ஒவ்வொரு சரிபார்ப்பு வழிமுறையையும் தனித்தனியாகப் பார்த்து நீக்குவது.

அச்சகம் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போலி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டார். நுழைவது நீங்கள்தானா என்று கைப்பேசியில் வந்த கேள்விக்கும் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டார். மறுநாள் அவருடைய ஆத்தென்டிகேட்டர் வழக்கம்போல ஆறு இலக்க எண்ணைக் காட்டுகிறது, 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது, ஆனால் கூகுள் அதை ஏற்க மறுக்கிறது. இது முக்கியமான அறிகுறி. ஒரு கூகுள் கணக்கில் ஒரு ஆத்தென்டிகேட்டர் ரகசியம்தான் நடப்பில் இருக்கும். திருடன் புதிதாக ஒன்றை இணைத்ததுமே இவருடையது செத்துவிட்டது. மீட்புத் தொலைபேசி எண் வழியாக அவர் கணக்கைத் திரும்பப் பெறுகிறார். இனி என்ன செய்ய வேண்டும்?

கடவுச்சொல்லை மாற்றுவது அவசியம், ஆனால் போதாது. இணைக்கும்போது ஸ்கேன் செய்யும் க்யூஆர் குறியீட்டுக்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அது கூகுளிடம் ஒரு நகலும் செயலியிடம் ஒரு நகலுமாக இருக்கும். இரு பக்கமும் அந்தச் சாவியையும் நேரத்தையும் வைத்துத் தனித்தனியாக எண்ணைக் கணக்கிடுகின்றன. கடவுச்சொல் இந்தக் கணக்கீட்டில் எங்குமே வருவதில்லை. சாதனங்களின் பட்டியலில் எல்லாவற்றையும் வெளியேற்றினாலும் இதே நிலைதான்: கூகுளைத் தொடர்புகொள்ளாமலே எண்களைத் தரும் கைப்பேசி அந்தப் பட்டியலில் இருக்கவே தேவையில்லை. புதிய கடவுச்சொல் இன்னொரு போலிப் பக்கத்தில் சிக்கினால் இரண்டாம் படி திருடன் கையில் தயாராக இருக்கிறது.

இரண்டாவது வழியைப் பழைய வழிகாட்டிகள் அடித்துச் சொல்கின்றன: நிறுத்து, மறுபடி தொடங்கு, எல்லாம் துடைத்துவிடப்படும். ஒரு காலத்தில் அது உண்மை. 2024 மே மாதம் கூகுள் இதை மாற்றியது. இப்போது பயனர் தானே இருபடிச் சரிபார்ப்பை நிறுத்தினால், சேர்த்துவைத்த ஆத்தென்டிகேட்டரும், கைப்பேசி இல்லாதபோது பயன்படும் காப்புக் குறியீடுகளும் தானாக அழிவதில்லை. நிறுத்தித் தொடங்கிய நிம்மதியில் இருப்பவரின் கணக்கில் திருடனின் சாவி அப்படியே காத்திருக்கும். பழைய குறிப்பை நம்பி இந்த வழியில் போகாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அலுவலகக் கணக்காக இருந்தால் நிர்வாகி தன் பக்கத்திலிருந்து நிறுத்தும்போது மட்டும் அவை நீக்கப்படுகின்றன.

எனவே மூன்றாவது வழிதான் சரி. நெடுநாளாகப் பயன்படுத்தும் சுத்தமான கைப்பேசியிலிருந்து தொடங்குங்கள். கணினியில் உளவு மென்பொருள் இருந்தால் புதிய சாவியும் களவுபோகும். முதலில் கடவுச்சொல்லை மாற்றி, தெரியாத சாதனங்களை வெளியேற்றுங்கள். திருடன் கணக்குக்குள்ளேயே இருக்கும்போது ஆத்தென்டிகேட்டரை நீக்கினால் மறுபடி சேர்க்க முயல்வான். பிறகு myaccount.google.com தளத்தில் பாதுகாப்புப் பக்கத்துக்குப் போய், இருபடிச் சரிபார்ப்பைத் திறந்து, ஆத்தென்டிகேட்டர் என்ற வரியைத் தொடுங்கள். அங்கே வெறுமனே நீக்குவதைவிட, செயலியை மாற்றும் தெரிவை அழுத்திப் புதிய க்யூஆர் குறியீட்டை உங்கள் செயலியில் ஸ்கேன் செய்வது மேல். ஒரே செயலில் திருடனுடைய சாவி செல்லாததாகிறது, உங்களுடையது அமர்கிறது. செயலியில் பழைய வரி மிச்சமிருக்கும்; குழப்பம் தவிர்க்க, புதியது வேலை செய்வதைப் பார்த்த பின் அதை அழித்துவிடுங்கள்.

அதே பக்கத்தில், கடவுச்சொல் இல்லாமலே நுழையவிடும் பாஸ்கீகளையும் பாருங்கள்; தெரியாதவற்றை நீக்குங்கள். கடவுச்சொல் மாறினாலும் அவை நிலைத்திருக்கும். காப்புக் குறியீடுகள் பத்தையும் புதிதாக எடுத்தால் பழையவை செல்லாது. மீட்பு மின்னஞ்சலும் எண்ணும் உங்களுடையவைதானா என்றும் சரிபாருங்கள்.

அச்சக உரிமையாளர் பெரும்பாலும் தவறவிடக்கூடிய இடம் வேறொன்று. 2023 ஏப்ரலிலிருந்து கூகுள் ஆத்தென்டிகேட்டர் தன் சாவிகளைக் கூகுள் கணக்கிலேயே சேமித்துவைக்க முடிகிறது. இவர் அதை இயக்கியிருந்தால், கணக்கைக் கைப்பற்றியவர் தன் கைப்பேசியில் அந்தச் செயலியை நிறுவி, இவருடைய பெயரில் நுழைந்து, பிற தளங்களுக்கான எண்களையும் பெற்றிருக்கலாம். கூகுளில் சாவியை மாற்றியதால் அவை மாறுவதில்லை. அந்தத் தளங்கள் ஒவ்வொன்றிலும் ஆத்தென்டிகேட்டரை நீக்கி, புதிய க்யூஆர் குறியீட்டோடு மறுபடி இணைக்க வேண்டும். பணம் புழங்கும் கணக்குகளிலிருந்து தொடங்கலாம்.