தங்கச் சார்ட்டில் பொலிஞ்சர் பேண்டும் எம்ஏசிடியும்: ஆறு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2019 முதல் எம்சிஎக்ஸ் பொருள் சந்தையில் கோல்டு மினி என்ற தங்க ஒப்பந்தத்தில் வர்த்தகம் செய்கிறேன். தினசரி சார்ட்தான் என் களம். ஐந்து நிமிட, பதினைந்து நிமிட சார்ட்டுகள் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆரம்பத்திலிருந்தே சார்ட்டில் இரண்டு கருவிகளைத்தான் வைத்திருக்கிறேன்: மேலே பொலிஞ்சர் பேண்டு, கீழே எம்ஏசிடி. இரண்டும் எனக்கு உதவியிருக்கின்றன, இரண்டும் என்னைத் தவறாக வழிநடத்தியும் இருக்கின்றன. எந்தச் சூழலில் தவறாக வழிநடத்தின என்பதைத்தான் விரிவாக எழுத நினைக்கிறேன். குறிப்பாக, 2024 ஜூலையில் சுங்க வரி குறைந்தபோது எம்சிஎக்ஸ் சார்ட்டில் நடந்ததை.

முதலில் இவை எதை அளக்கின்றன என்பது. ஜான் பொலிஞ்சர் 1980-களில் உருவாக்கிய பேண்டு, கடைசி 20 நாள் முடிவு விலைகளின் சராசரியை நடுக்கோடாக எடுத்துக்கொள்கிறது. அந்த 20 விலைகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைத் திட்ட விலக்கமாகக் கணக்கிட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போடுகிறது. அது அளப்பது சிதறலை மட்டுமே. விலை ஏறுமா இறங்குமா என்பதற்கு அதற்குள் எந்தக் கணக்கும் கிடையாது.

ஜெரால்டு அப்பெல் 1970-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த எம்ஏசிடி வேறொரு கேள்வியைக் கேட்கிறது. அண்மை விலைகளுக்கு அதிக எடை கொடுக்கும் 12 நாள் அடுக்கு நகரும் சராசரியிலிருந்து அதே வகை 26 நாள் சராசரியைக் கழித்தால் வருவதுதான் எம்ஏசிடி கோடு. அண்மை விலைகள் பழைய விலைகளை விட்டு எவ்வளவு விலகி ஓடுகின்றன என்பதை அது ரூபாய்க் கணக்கில் சொல்கிறது. அந்தக் கோட்டின் 9 நாள் சராசரி சிக்னல் கோடு. எம்ஏசிடி கோடு அதை மேல்நோக்கி வெட்டினால் வாங்கும் சிக்னல், கீழ்நோக்கி வெட்டினால் விற்கும் சிக்னல். இரண்டு கோடுகளுக்கும் உள்ள வித்தியாசம் ஹிஸ்டோகிராம். ஹிஸ்டோகிராமின் பட்டைகள் குட்டையாகிக்கொண்டே வந்தால் விலை இறங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்றத்தின் வேகம் கூடவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். விலை அப்போதும் ஏறிக்கொண்டிருக்கலாம்.

பேண்டு எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் 2024 மார்ச்சில். அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் டாலர் விலை ஏறக்குறைய 2,000-க்கும் 2,060-க்கும் நடுவிலேயே உலவியது. பேண்டு ஒடுங்கிக்கொண்டே வந்தது. பிப்ரவரி 13 அன்று அமெரிக்கப் பணவீக்க எண் எதிர்பார்ப்பைவிட அதிகமாக வந்ததும் தங்கம் 2,000-க்குக் கீழே போனது. ஒடுக்கம் உடைந்துவிட்டது, இனி இறக்கம்தான் என்று தோன்றியது. சில நாட்களிலேயே விலை மீண்டும் பழைய எல்லைக்குள் வந்துவிட்டது. ஒடுக்கத்துக்குப் பிறகு முதல் உடைப்பு இப்படிப் பொய்யாக இருக்கக்கூடும் என்று பொலிஞ்சரே எச்சரித்திருக்கிறார். நான் அதைப் படித்திருந்தும் அன்று நினைவுக்கு வரவில்லை. இந்த இரண்டு மாதங்களிலும் எம்ஏசிடியின் இரு கோடுகளும் பூஜ்யத்தின் பக்கத்திலேயே பின்னிக்கொண்டு கிடந்தன. பூஜ்யத்தின் அருகே நடக்கும் வெட்டுகளை நான் இப்போது சிக்னலாகவே எடுப்பதில்லை. இரண்டு சராசரிகளும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்போது ஒரு நாள் அசைவு போதும், கோடுகள் இடம் மாறிவிடும்.

மார்ச் 1-க்குப் பிறகு உண்மையான ஏற்றம் தொடங்கியது. விலை மேல் பேண்டைத் தொட்டது. மேல் பேண்டு என்றால் விலை அதிகம், திரும்பி நடுக்கோட்டுக்கு வரும் என்று நம்பி ஒரு லாட் விற்றேன். மூன்றாம் நாள் 900 ரூபாய் ஏறியபின் வெளியேறினேன். விலை 10 கிராமுக்குச் சொல்லப்படுகிறது, கோல்டு மினி லாட் 100 கிராம், எனவே நட்டம் 9,000 ரூபாய். ஏப்ரல் 12 அன்று டாலர் விலை 2,431 வரை போனது.

நான் செய்த பிழை இதுதான்: 'இரண்டு திட்ட விலக்கத்துக்குள் 95 சதவீத விலைகள் அடங்கும்' என்ற பள்ளிக்கூடக் கணக்கைத் தங்கத்துக்குப் பொருத்தினேன். அந்தக் கணக்குக்கு ஒவ்வோர் எண்ணும் மற்றதிலிருந்து தனித்து நிற்க வேண்டும். இன்றைய தங்க விலையோ நேற்றைய விலையின் மேல் ஏறி நிற்பது. ஒரே திசையில் ஓடும்போது இன்றைய விலை அந்த 20 நாள் கூட்டத்தின் ஓரத்தில்தான் எப்போதும் இருக்கும், ஆகவே விலை மேல் பேண்டை ஒட்டியே நாள்கணக்கில் நடக்கும். இப்போது நான் நடுக்கோட்டின் சாய்வை முதலில் பார்க்கிறேன். அது படுத்திருந்தால் பேண்டின் ஓரம் எனக்கு அர்த்தமுள்ளது. நடுக்கோடு மேல்நோக்கிச் சாய்ந்து, இரு பேண்டுகளும் ஒன்றைவிட்டு ஒன்று விரிந்துகொண்டிருந்தால் மேல் பேண்டைத் தொடுவது வலிமையின் அடையாளம். அங்கே விற்பதில்லை.

சரி, இப்போது ஜூலைக்கு வருகிறேன்.

2024 ஜூலை 23 அன்று நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். தங்கத்தின் மீதான சுங்க வரி 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. எம்சிஎக்ஸ் விலையில் சுங்க வரி அடங்கியிருக்கிறது. ஆகவே அன்று ஒரே நாளில் 10 கிராமுக்குச் சுமார் 4,000 ரூபாய் விழுந்தது. உலகச் சந்தையில் தங்கம் விற்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. தங்கத்தின் உலக விலையை டாலரில் காட்டும் `XAUUSD` சார்ட்டில் அது ஒரு சாதாரண நாள். என் சார்ட்டில் மட்டும் ஒரு பெரிய சிவப்பு கேண்டில், கீழ் பேண்டுக்கும் வெகு கீழே. எம்ஏசிடி தெளிவாக விற்கச் சொன்னது.

அந்தப் பள்ளம் கருவிகளுக்குள் எத்தனை நாள் தங்குகிறது என்று பார்க்க, பின்னர் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். விலை நெடுநாள் 72,000-லேயே நின்றது, ஒரு நாள் 68,000-க்கு இறங்கியது, அதன்பின் அசையவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் சந்தை இப்படி நிற்காது. ஆனால் வரிக் குறைப்பின் தடத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க இதுதான் வழி.

முதல் நாள் எம்ஏசிடி சுமார் -319. விலை அதன்பின் அசையவில்லை, ஆனாலும் எம்ஏசிடி தொடர்ந்து சரிகிறது, ஏனென்றால் 12 நாள் சராசரி புதிய விலையை நோக்கி வேகமாக இறங்குகிறது, 26 நாள் சராசரி மெதுவாக வருகிறது. ஒன்பதாம் நாள் -1,112 என்ற அடிமட்டத்தைத் தொடுகிறது. பிறகு 26 நாள் சராசரி மெல்ல நெருங்கி வர, எம்ஏசிடி மேலே திரும்புகிறது. பதினைந்தாம் நாள் சிக்னல் கோட்டை மேல்நோக்கி வெட்டுகிறது. அதாவது, வாங்கச் சொல்கிறது. இத்தனை நாளும் விலை 68,000-ஐ விட்டு ஒரு ரூபாய்கூட நகரவில்லை. ஒரு பொய்யான விற்பனைச் சிக்னல், பதினைந்து நாள் கழித்து ஒரு பொய்யான வாங்கும் சிக்னல், இரண்டும் ஒரே வரி அறிவிப்பிலிருந்து வந்தவை. நாற்பது நாள் கழித்தும் -179 அளவுக்கு மிச்சம் இருக்கிறது.

பேண்டின் கதை வேறு மாதிரி. முதல் நாள் கீழ் பேண்டு 70,056-ல் நிற்கிறது, விலை அதற்கு 2,000 ரூபாய்க்கு மேல் கீழே. நான்காம் நாள் கீழ் பேண்டு சரியாக 68,000-க்கு வந்து விலையைத் தொடுகிறது. ஐந்தாம் நாள் விலை பேண்டுக்குள் இருக்கிறது. சார்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு, 'கீழ் பேண்டுக்கு வெளியே போன விலை உள்ளே திரும்பிவிட்டது, வாங்கலாம்' என்று தோன்றும். விலை எங்கேயும் திரும்பவில்லை. பேண்டுதான் விரிந்து விலையிடம் வந்தது. பத்தாம் நாள் பேண்டு மிக அகலமாக, 66,000-லிருந்து 74,000 வரை விரிகிறது. இருபதாம் நாள் கடைசி 72,000 கணக்கிலிருந்து வெளியேறியதும் திடீரென்று ஒடுங்கிவிடுகிறது. பெரிய அசைவு வரப்போகிறது என்று நாம் எதிர்பார்க்கும் அதே ஒடுக்கம். நிஜச் சார்ட்டில் அன்றாட அசைவுகள் கலந்திருப்பதால் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது, ஆனால் ஆகஸ்ட் நடுவில் என் சார்ட்டில் பேண்டு சட்டென்று சுருங்கியதற்கு இதுவே பெரும் காரணம்.

ஆகஸ்ட் 16 அன்று டாலர் விலை முதன்முறையாக 2,500-ஐத் தாண்டியது. அதே நேரத்தில் எம்சிஎக்ஸ் சார்ட்டின் எம்ஏசிடி இன்னும் ஜூலைச் சரிவைச் சுமந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தச் சிக்னலை நம்பி ஆகஸ்ட் முழுக்க ஏற்றத்தில் சேராமல் ஒதுங்கி நின்றார். அவருடைய கருவி பழுதாகவில்லை, அதற்குக் கொடுக்கப்பட்ட விலை வரிசையில்தான் இரண்டு வேறு விலைகள் ஒட்டப்பட்டிருந்தன. 2022 ஜூலை 1 அன்று மொத்த வரி 10.75 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தபோதும் இதே கோளாறு எதிர்த்திசையில் நடந்தது.

பழைய விலைகளை 1.06-ஐ 1.15-ஆல் வகுத்த எண்ணால் பெருக்கிச் சரிசெய்யலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். முயன்று பார்த்தேன். கணக்குப்படி இறக்கம் 7.8 சதவீதம், சந்தை முதல் நாள் இறங்கியதோ அதைவிடக் குறைவு. எனவே பெருக்கிய வரிசையில் ஜூலை 23 அன்று ஒரு பொய்யான ஏற்றம் முளைத்தது.

காண்ட்ராக்ட் மாறும்போதும் இதன் சிறிய வடிவம் உண்டு. தொடர் சார்ட்டில் முடியும் மாதமும் அடுத்த மாதமும் ஒட்டப்படும் இடத்தில், வட்டி, சேமிப்புச் செலவு காரணமாக அடுத்த மாதம் பொதுவாகக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும். கோல்டு மினியில் இந்த ஒட்டு மாதாமாதம் வரும். இடைவெளி சிறியது என்பதால் பேண்டுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, ஆனால் எம்ஏசிடி பூஜ்யத்தின் அருகே இருக்கும்போது இதுவே ஒரு வெட்டை உண்டாக்கிவிடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எம்ஏசிடி ரூபாயில் அளப்பதால் 2019-ன் 300-ம் இன்றைய 300-ம் ஒன்றல்ல. 2019-ன் தொடக்கத்தில் விலை 30,000-ஐச் சற்றுத் தாண்டி நின்றது, பின்னர் அது இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. பழைய உச்சங்களோடு ஒப்பிட வேண்டுமென்றால் எம்ஏசிடியை 26 நாள் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்கிக்கொள்கிறேன்.

இப்போது என் பழக்கம் இப்படி. பேண்டையும் எம்ஏசிடியையும் `XAUUSD` தினசரி சார்ட்டில்தான் வைத்திருக்கிறேன். அங்கே சுங்க வரியும் இல்லை, மாத ஒட்டும் இல்லை. எம்சிஎக்ஸ் சார்ட் ஆர்டர் போடும் விலைக்கும் ஸ்டாப் லாஸ் வைக்கும் இடத்துக்கும் மட்டும். டாலர் சார்ட்டில் ரூபாய் மதிப்பின் ஏற்ற இறக்கம் தெரியாது என்பது இந்த வழியின் குறை, அதற்காக டாலர்-ரூபாய் சார்ட் ஒன்றைப் பக்கத்தில் திறந்து வைக்கிறேன். பட்ஜெட் நாளுக்கு முதல் நாள் இரவு கையில் இருக்கும் லாட்டை முடித்துவிடுகிறேன்.