6 ஜிபி கிராபிக்ஸ் கார்டில் எஸ்டி 1.5-ஆ, எஸ்டிஎக்ஸ்எல்லா?

தமிழ்மொழி மாதக் குட்டி நாடகம் ஒன்றுக்குத் திரையில் காட்டப் பின்னணிப் படங்கள் தேவைப்பட்டன: வீவக புளோக்கின் கீழ்த்தளம், மழை பெய்யும் ஈரச்சந்தை. எஸ்டி 1.5, எஸ்டிஎக்ஸ்எல் இரண்டும் எழுத்தில் கேட்டதைப் படமாக்கித் தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடல்கள். அவற்றை ஓட்ட வீட்டில் இருப்பது பழைய ஆர்டிஎக்ஸ் 2060 கிராபிக்ஸ் கார்டு, 6 ஜிபி.

எஸ்டி 1.5 இதில் சிரமமில்லாமல் ஓடுகிறது. படத்துக்குச் சில விநாடிகள்தான். ஆனால் அது 512 பிக்சல் சதுரப் படங்களில் பழகிய மாடல். நேரடியாக 1024 அகலம் கேட்டேன். ஒரே கீழ்த்தளத்துக்குள் இன்னொரு கீழ்த்தளம், தூண்கள் இரட்டிப்பாக வந்தன. அதனால் முதலில் 768×432-இல் எடுத்து, பிறகு இரண்டு மடங்காக்கி, படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength`-ஐ 0.4 வைத்து மறுபடி ஓட்டுகிறேன். 0.6-ஐத் தாண்டினால் தூண்கள் மீண்டும் முளைக்கின்றன.

எஸ்டிஎக்ஸ்எல் 1024-க்கென்றே பழகியது. தூண் வரிசையும் தரையில் விழும் வெளிச்சமும் முதல் முயற்சியிலேயே சரியாக அமைகின்றன. சிக்கல் நினைவகம்தான். அதன் முக்கியப் பகுதி மட்டுமே சுமார் 5 ஜிபி. கார்டின் நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லும் `--medvram` போட்டால் ஓடும், ஆனால் மெதுவாக. விண்டோஸில் பிழைச்செய்தி வராமலே வேகம் படுத்துவிடுவதும் உண்டு. அப்போது Task Manager-இல் `Shared GPU memory` ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் கார்டின் நினைவகம் நிரம்பிக் கணினியின் ராமுக்கு வழிகிறது. கார்டில் இடம் கிடைக்க நான் உலாவியை மூடிவிடுவேன்.

கடைப்பலகைத் தமிழ் எழுத்து இரண்டிலும் கிறுக்கல்தான்; பலகையை வெறுமையாகக் கேட்டு, எழுத்தைப் பிறகு நானே சேர்த்தேன்.

மாதிரி பார்க்க 1.5, தேர்ந்தெடுத்த நான்கு காட்சிகளுக்கு மட்டும் இரவில் எஸ்டிஎக்ஸ்எல். அறையில் ஏர்கான் போட்டுத்தான்!